கிரையப் பத்திரம் எழுத வக்கீலிடம் கொடுக்க வேண்டிய குறிப்பு: ஓர் உச்சிப்புளித் தோப்பை வைத்து

ராமநாதபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். "சார், பட்டா இருக்கு, பத்திரம் எழுதிடுங்க" என்று ஒரே ஒரு ஜெராக்ஸை நீட்டுகிறவர்கள்தான் அதிகம். பத்திரத்தில் வரும் தப்பு பெரும்பாலும் அந்த ஜெராக்ஸில்தான் ஆரம்பிக்கிறது. சமீபத்தில் வந்த ஒரு தோப்பின் கதையை, ஆட்களையும் தொகையையும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இதே வரிசையில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.

முதலில், விற்பவர் யார் யார்

உச்சிப்புளிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. பட்டா இறந்துபோன அப்பா பெயரில். விற்க வந்தவர் மூத்த மகன். ஒரு தம்பி துபாயில், ஒரு தங்கை கட்டிக்கொடுத்த ஊரில். "தங்கைக்கு நகை போட்டாச்சு, அவ கையெழுத்து வேண்டாம்" என்றார். வேண்டும். இந்துக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மகளும் வாரிசு, அம்மா இருந்தால் அவரும் வாரிசு. இங்கே அம்மாவும் பிறகு இறந்துவிட்டதால் மூன்று பேர். ஆகவே இரண்டு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூவரின் ஆதார், பான். துபாய்த் தம்பி அங்கேயே கையெழுத்திட்டு அனுப்பும் பவர் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். அது வந்து சேர்ந்த தேதியையும் குறிப்பில் எழுதுங்கள்.

அடுத்து, நிலத்தின் அளவு

இதில்தான் நிதானம் வேண்டும். பழைய பத்திரத்தில் 45 சென்ட். பட்டாவில் 0.17.00 ஹெக்டேர், அதாவது 17 ஏர். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட் என்பதால் 42 சென்ட்தான் வருகிறது. புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தபோது விஷயம் தெரிந்தது. கிழக்கோரத்தில் ஓடிய வண்டிப்பாதை இப்போது புறம்போக்காகத் தனி உட்பிரிவில் இருக்கிறது. சென்ட் 40,000 ரூபாய் என்றால் 3 சென்ட்டுக்கு 1,20,000 ரூபாய்! குறிப்பில் இப்படி எழுதினோம்:

"சொத்து விவரத்தில் தற்போதைய புல எண், உட்பிரிவு, 17 ஏர் (42 சென்ட்) என்று போடவும். பழைய பத்திரத்தின் 45 சென்ட் எப்படிக் குறைந்தது என்பதையும் ஒரு வரி எழுதவும். நான்கு பக்க எல்லையைச் சொல்லும் சக்குபந்தியில் கிழக்கே 'வண்டிப்பாதை' என்று வர வேண்டும்."

பழைய பத்திரத்தின் சக்குபந்தியை அப்படியே பார்த்து எழுதினால், எப்போதோ விற்றுவிட்டுப் போன பக்கத்து நிலக்காரர் பெயரே இன்னும் நிற்கும். இப்போது யார் என்று விசாரித்து எழுதிக் கொடுங்கள்.

பணம்

42 சென்ட்டுக்கு 16,80,000 ரூபாய். ஆளுக்கு 5,60,000. முன்பணம் ஆளுக்கு 1 லட்சம் போய்விட்டது, மீதி ஆளுக்கு 4,60,000. எந்தத் தேதி, யார் கணக்கிலிருந்து யார் கணக்குக்கு, வங்கிப் பரிமாற்ற எண் என்ன என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாகக் கொடுங்கள். தம்பியின் பங்கு தம்பியின் கணக்குக்கே போகட்டும், பவர் வாங்கிய அண்ணன் கணக்குக்கு வேண்டாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழலாம். சொத்தின் விலை 50 லட்ச ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் வாங்குபவர் வரி பிடிக்க வேண்டாம் என்ற வரம்பு, வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுக்கும் தொகைக்குப் பொருந்தாது. ஆகவே துபாய்த் தம்பியின் பங்கில் வரி பிடிக்க வேண்டுமா, நிலம் கிராமப்புற விவசாய நிலக் கணக்கில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

விற்கிற பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "மீதிக்குப் பின்தேதி செக்" என்று எழுத விடாதீர்கள். பதிவுக்குப் பின் செக் திரும்பினால் பத்திரம் தானாக ரத்தாகாது, பணத்துக்குத்தான் வழக்குப் போட முடியும். ஒரு பெரியவர் அப்படி அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில், தனி நிபந்தனைகள்

வாய்ப்பேச்சில் முடித்ததெல்லாம் இங்கே வர வேண்டும். இந்தத் தோப்பில் மூன்று. கிணறு பக்கத்துத் தோப்போடு பொது. எனவே தண்ணீர் இறைக்கும் முறைநாளையும் மின் இணைப்பைப் பெயர் மாற்றித் தருவதையும் எழுதச் சொன்னோம். வேலியோரப் பனைகள் பாட்டத்தில் இருந்தன. பருவம் முடியும்வரை பனையேறி வந்து போகலாம், அதற்குப் பின் உரிமை இல்லை என்று ஒரு வரி. பழைய பத்திரத்திலுள்ள பாதை பாத்தியம் புதிய பத்திரத்திலும் தொடர வேண்டும் என்பது மூன்றாவது.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தை மட்டும் நிபந்தனை எழுதிச் சமாளிக்க முடியாது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் நிலம் இருந்தால், கட்டடம் கட்ட முடியுமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். "கட்டலாம்" என்று விற்பவர் பத்திரத்தில் உறுதி சொன்னாலும் சட்டம் மாறாது.

வரைவு வந்ததும் ஒருவர் சொத்து விவரத்தைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் பட்டாவில் விரல் வைத்துப் பார்க்கட்டும். எங்கள் வரைவில் 3A என்ற உட்பிரிவு, வெறும் 3 என்று தட்டச்சாகியிருந்தது.