பார்ட்னர் இடத்துல நைட் ஆஃப் வாண்ட்ஸ் வந்தா எப்படி படிக்கிறது

போன மாசம் பட்டர்வொர்த்துலேர்ந்து ஒரு தங்கச்சி என்கிட்ட டாரட் கார்டு பாக்க பேரி ஏறி வந்தா. கேஎல் பையன் ஒருத்தன், பழகி மூணு வாரம்தான் ஆகுது, விடியறதுக்குள்ள ஆறு வாட்ஸாப், ரெண்டு தடவ மோட்டார்லயே பினாங்கு வரைக்கும் வந்துட்டு போயிட்டான், இப்ப வேலைய விட்டுட்டு கேஎல் வந்துடுன்னு சொல்றானாம். "அக்கா, இவன் நிப்பானா?"ன்னு கேட்டா. பார்ட்னர் இடத்துல நைட் ஆஃப் வாண்ட்ஸ் வந்துச்சு, கையில கம்போட குதிரை மேல இருக்கற வீரன். அத எப்படி படிச்சேன்னு அப்படியே எழுதுறேன்.

டெக்: ரைடர் வெயிட் ஸ்மித்தான் எடுங்க, 1909ல வந்தது, படம் வரைஞ்சவங்க பமேலா கோல்மன் ஸ்மித். புது டெக் பல அழகா இருக்கும், ஆனா குதிரை பாக்குற பக்கம் மாறியிருந்தா கீழ சொல்ற ஸ்டெப் வேலைக்கு ஆகாது. ஆப்பும் வேணாம், கார்ட நம்ம கையால வச்சாதான் திசை தெரியும்.

ஸ்டெப் 1. நாலு கார்டு. இடது பக்கம் நீங்க, வலது பக்கம் அவங்க, ரெண்டுக்கும் கீழ 'நடுவுல என்ன ஓடுது', மேல 'ஒரு மாசத்துல இது எங்க இருக்கும்'.

ஸ்டெப் 2. இதுலதான் நான் ஒரு தடவ ரொம்ப பெரிய தப்பு பண்ணேன். எனக்கே எனக்கு பாத்தப்ப பார்ட்னர் இடத்துல இதே கார்டு வந்துச்சு, "ஆசையா ஓடி வர்றாரு, இவருதான்"னு எடுத்துக்கிட்டேன், ரெண்டே மாசத்துல அவரு போன் எடுக்கறத நிறுத்திட்டாரு. கார்டு பொய் சொல்லல. பார்ட்னர் இடம் காட்டுறது அவரு இப்ப எப்படி வர்றாருங்கறத, எவ்வளவு நாள் இருப்பாருங்கறத இல்ல. நான் ரெண்டையும் ஒன்னா கேட்டுட்டேன். அதனால கார்ட திருப்புறதுக்கு முன்னாடியே 'இப்ப இவரு எந்த வேகத்துல இருக்காரு'ன்னு வாய்விட்டு சொல்லிடுங்க.

ஸ்டெப் 3. படத்த நிதானமா பாருங்க. குதிரை முன்னங்கால தூக்கி நிக்குது, இன்னும் பாயல. பின்னாடி பாலைவனம், பிரமிடு, தங்கறதுக்கு ஒரு வீடுகூட இல்ல. இவன் கவசம் போட்டிருந்தாலும் சண்டைக்கு போறவன் இல்ல, பயணத்துல இருக்கறவன். இந்த டெக்க உருவாக்கின வெயிட் இந்த கார்டுக்கு எழுதின அர்த்தத்துல முதல்ல வர்றதே 'புறப்பாடு', அதுக்கப்புறம் 'இல்லாம போறது'. காதல்ங்கற வார்த்தையே அதுல கிடையாது. நம்ம ஆளுங்க 'பேஷன் கார்டு'ன்னு பாதிய மட்டும் சொல்லிக் குடுத்துடறாங்க. கார்டு நேரா இருந்தா குதிரை இடது பக்கம் பாக்கும், அதாவது நான் சொன்ன மாதிரி வச்சா உங்கள நோக்கி வர்றான். பார்ட்னர இடது பக்கம் வச்சீங்கன்னா அதே கார்டு உங்களுக்கு முதுக காட்டும். அதனால இடத்த முதல்லயே முடிவு பண்ணிட்டு அப்புறம் ஷஃபல் பண்ணுங்க.

ஸ்டெப் 4. பக்கத்து கார்டு. தங்கச்சிக்கு அவ இடத்துல ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ், காசு ஒன்ன நெஞ்சோட அணைச்சு பிடிச்சிருக்கறவன், அதாவது கையில இருக்கறத விட்டுக்குடுக்க பயப்படுறா. நடுவுல எய்ட் ஆஃப் வாண்ட்ஸ், எட்டு கம்பு பறக்குது, படத்துல ஒரு மனுஷன்கூட இல்ல. வாண்ட்ஸோட வாண்ட்ஸ் சேந்தா சூடு கூடும், அவ்வளவுதான், பிடிமானம் எதுவும் சேராது. மேல எய்ட் ஆஃப் கப்ஸ், ராத்திரியில கப்பெல்லாம் விட்டுட்டு ஒருத்தன் நடந்து போறான். கப்ஸ் தண்ணி, வாண்ட்ஸ் நெருப்பு, பழைய முறையில ரெண்டும் பகை. இந்த இடத்துல ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ் வந்திருந்தா, அந்த மாலை கட்டின பந்தல், நான் வேற மாதிரி சொல்லியிருப்பேன்.

"அவன் போயிடுவான்"னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. நடந்து போறது அவனா இவளான்னு கார்டு சொல்லல, அத நாமளா முடிவு பண்ணக்கூடாது. நான் சொன்னது இதுதான்: இப்ப அவனுக்கு இருக்கற ஆசை உண்மை, ஆனா அது நிக்கும்னு சொல்ற கார்டு ஒன்னுகூட இங்க இல்ல, அதனால ரெசிக்னேஷன் லெட்டர் குடுக்காத.

ஸ்டெப் 5. கார்ட வெளிய செக் பண்ணுங்க. ரெண்டு வாரம் தள்ளி ஒரு தேதி, சாதாரண வேலை ஒன்னு கேக்க சொன்னேன். அவ அம்மாவுக்கு கண் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருந்துச்சு, கூட வர்றியான்னு கேட்டா. இந்த ஆளு இன்னைக்கு ராத்திரியே வான்னா பறந்து வருவான், குறிச்ச தேதிலதான் ஆட்டம் தெரியும். "பாக்கலாம்"னு சொன்னான். அந்த வாரமே மெசேஜ் ஒரு நாளைக்கு ரெண்டா குறைஞ்சுது, அப்பாயின்ட்மென்ட் அன்னைக்கு வரல. அவ அழுதா, ஆனா மறுநாள் பேரி ஏறி அதே வேலைக்கு போனா.

அப்டேட்: தலைகீழா வந்தா என்னன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. வெயிட் அதுக்கு முறிவு, இடையில நின்னு போறதுன்னு எழுதியிருக்காரு. திருப்பி வச்சதும் குதிரை வலது பக்கம் பாக்கும், நம்ம லேஅவுட்ல அது உங்கள விட்டு விலகுற பக்கம். அப்படி வந்தா அவன் போயிட்டான்னு உடனே முடிவு பண்ணாம, கீழ இருக்கற நடு கார்ட பாருங்க, எது குறுக்க வந்துச்சுன்னு அதுலதான் தெரியும்.