ஒரு கியூப் ஜல்லி எத்தனை டன்? டிரைவ்வே கணக்கு தப்பும் இடங்கள்

புரட்டாசி விரதம் முடிந்து தீபாவளி வருவதற்குள் டிரைவ்வேயைப் போட்டுவிட வேண்டும் என்று டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் அத்தை மகன் அவசரப்பட்டார். கேட்டிலிருந்து கராஜ் வரை நீளம் 15 மீட்டர், அகலம் 3 மீட்டர். அடித்தளமாக 10 செ.மீ. கனத்துக்குக் கிரஷர் ரன், அதாவது பொடியும் ஜல்லியும் கலந்த கல், போட்டு இறுக்க நினைத்தார். 15 × 3 × 0.1 என்று பெருக்கியதில் 4.5 கன மீட்டர் வந்தது. இங்கே எல்லோரும் கியூப் என்று சொல்வது கன மீட்டரைத்தான். கிரஷர் ரன் கியூபுக்கு 1.6 டன் என்று எங்கோ படித்திருக்கிறார். 7.2 டன் சொல்லி வரவழைத்தார்.

பரப்பி, பிளேட் காம்பாக்டர் ஓட்டி முடித்த பிறகு அளந்தால் 7 செ.மீ. சொச்சம்தான் இருந்தது. “எடையில ஏமாத்திட்டாங்க, அண்ணா” என்று என்னைக் கூப்பிட்டார். எடை மேடைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். சரக்கோடு லாரியின் எடை, வெறும் லாரியின் எடை இரண்டும் அதில் இருந்தன; கழித்தால் 7.2 டன் சரியாக வந்தது. கல் குறையவில்லை, கணக்குதான் குறைந்திருந்தது.

படியில் அரிசி அளந்தவர்களுக்கு இது புதிதல்ல. படியை நிரப்பித் தலை தட்டி அளப்பது ஓர் அளவு. அதையே குலுக்கிக் குலுக்கி அளந்தால் இன்னும் ஒரு பிடி உள்ளே போகும். லாரியிலிருந்து கொட்டிய கிரஷர் ரன் தலை தட்டிய படி. ஒரு கியூபுக்கு ஏறக்குறைய 1.6 டன். காம்பாக்டர் ஓட்டி இறுக்கியது குலுக்கிய படி. சின்னப் பொடி பெரிய கல்லின் இடுக்குகளில் இறங்கிவிடுவதால் அதே ஒரு கியூபில் 2.1 டன் வரை பிடிக்கும். நம் ஆள் 10 செ.மீ. என்று எடுத்தது இறுக்கிய பிறகு இருக்க வேண்டிய கனம். பெருக்கியதோ இறுக்காத கல்லின் எடை. இறுக்கிய கனத்துக்கு இறுக்கிய எடை என்று போட்டிருந்தால் 4.5 × 2.1 = 9.45 டன் வந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இணையத்தில் “கல்லின் அடர்த்தி” என்று தேடினால் 2.7 என்று வரும். அது பாறையின் அடர்த்தி, இடைவெளியே இல்லாத முழுக் கல்லுக்கு உரியது. அதை வைத்துப் பெருக்கினால் 12 டன்னைத் தாண்டும். மிச்சம் இரண்டரை டன்னுக்கு மேல் கேட்டுக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கும், பக்கத்து வீட்டாரின் முறைப்போடு சேர்த்து.

சரி, கியூபாகவே வாங்கினால்? அப்போதும் 4.5 கியூப் கேட்கக் கூடாது. விற்பவர் அளப்பது லாரியில் கிடக்கும் இறுக்காத கல்லை. 9.45 டன்னை 1.6-ஆல் வகுத்தால் 5.9, ஆகவே 6 கியூப். பரப்பும்போதும் இதே விகிதம்தான். 10 செ.மீ. கிடைக்க 13 செ.மீ. பரப்ப வேண்டும். நூல் கட்டி 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பிவிட்டு இறுக்கினால் ஏழரைதான் நிற்கும்.

இந்த 1.6, 2.1 எல்லாம் பொதுவான எண்கள். குவாரிக்குக் குவாரி பாறை மாறும், பொடியின் அளவு மாறும். இறுக்காத கல்லின் எண் நிச்சயமாக வேண்டுமானால் ஒரு பெயின்ட் வாளியும் குளியலறைத் தராசும் போதும். வெறும் வாளியை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறுங்கள். வாளியில் 20 லிட்டர் என்று அச்சிட்டிருப்பதை நம்பிவிட வேண்டாம், விளிம்பு வரை அதைவிட அதிகம் பிடிக்கும். தண்ணீர் மட்டும் 22 கிலோ என்றால் வாளியின் கொள்ளளவு 22 லிட்டர். தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே வாளியில் ஜல்லியை அமுக்காமல் நிரப்பித் தலை தட்டுங்கள். ஜல்லி மட்டும் 32 கிலோ வந்தால், 32-ஐ 22-ஆல் வகுக்க 1.45. லிட்டருக்கு இத்தனை கிலோ என்பதும் கியூபுக்கு இத்தனை டன் என்பதும் ஒரே எண்தான், மாற்ற வேண்டியதில்லை.

மேலே அலங்காரத்துக்குப் போடும் ஒரே அளவு ஜல்லிக்கு இந்தச் சங்கடம் குறைவு. 19 மி.மீ. ஜல்லியில் இடுக்கை நிரப்பப் பொடி இல்லாததால் அது பெரிதாக இறுகாது. வாளியில் வந்த 1.45-ஐ அப்படியே போடலாம்: 5 செ.மீ. கனத்துக்கு 2.25 கியூப், சுமார் 3.3 டன்.

மணல்தான் ஏமாற்றுக்காரன், அதுவும் மழைக்கு மறுநாள். ஈர மணல் கனமாக இருப்பதால் ஒரு கியூபில் நிறைய மணல் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. லேசான ஈரம் மணல் துகள்களை ஒன்றையொன்று தள்ளி நிறுத்தி, மணலை உப்ப வைக்கும். 5, 6 சதவீத ஈரத்திலேயே அளவு கால் பங்கு கூடிவிடலாம். கியூப் கணக்கில் வாங்குபவர் அந்தக் கால் பங்குக்குக் காற்றுக்குப் பணம் கொடுக்கிறார். பார்ப்பதற்கு ஒரு நேரான கண்ணாடி ஜாடி போதும். மணலை அமுக்காமல் 20 செ.மீ. உயரத்துக்குப் போட்டு வேறு தட்டில் கொட்டிக்கொள்ளுங்கள். ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிப் படிய விடுங்கள். மணல் 16 செ.மீ.-இல் நின்றால் உப்பியது 4, அதாவது 16-இல் கால் பங்கு. பேவிங் கல்லுக்கு அடியில் போட 1 கியூப் மணல் வேண்டும் என்றால் அந்தக் குவியலிலிருந்து 1.25 கியூப் வாங்க வேண்டும். டன்னில் வாங்கினால் உப்பல் பாதிக்காது, ஆனால் எடையில் தண்ணீரும் சேர்ந்திருக்கும். 5 சதவீத ஈரம் என்றால் 5 சதவீதம் கூட்டிச் சொன்னால் சரியாகிவிடும். கிரஷர் ரன்னும் குவாரியிலிருந்து ஈரமாகத்தான் வரும், அதே 5 சதவீதம் கூட்டினால் நம் 9.45 டன் கிட்டத்தட்ட 10 டன் ஆகிறது.

கடைசியாக ஆழம். நீள அகலத்தை டேப் வைத்து அளப்பவர்கள் ஆழத்தை மட்டும் ஒரே இடத்தில், அதுவும் ஓரத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இந்த 45 சதுர மீட்டரில் ஆழம் 1 செ.மீ. கூடினால் 0.45 கியூப், கிட்டத்தட்ட ஒரு டன் கல். மண்வெட்டியால் தோண்டிய தரையில் 2 செ.மீ. ஏற்றத்தாழ்வு சாதாரணம். குறுக்கே நூல் கட்டி, இரண்டு ஓரத்திலும் நடுவிலுமாக ஒன்பது இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். தோண்டிய தரையை முதலில் இறுக்கிவிட்டு அளப்பது முக்கியம். இல்லாவிட்டால் காம்பாக்டர் ஓடும்போது தரையும் சேர்ந்து இறங்கி, கல்லை விழுங்கும். எங்கள் ஊர்ச் சரிவுகளுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் செங்குத்தான சரிவிலும் நீளம் 2 சதவீதம்தான் கூடும், டேப்பைத் தரையோடு வைத்து அளந்தால் அதுவும் இல்லை.

அத்தை மகன் குறைந்த இரண்டே முக்கால் டன்னுக்குத் தன் ஒரு டன் பக்கி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பின்பக்கம் நிறைய ஏற்றினால் ஒரு கியூப், அதாவது 1.6 டன். டயர் தாங்காது என்று தடுத்து, பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் ஏற்றச் சொன்னேன். மூன்று முறை போய்வந்தார். மறுபடி கல் போடுவதற்கு முன் மேல் தளத்தைக் கடப்பாரையால் கொத்திவிட்டோம், புதுக் கல் பழையதோடு பிடிக்க வேண்டும் என்பதற்காக. லாரி முதலிலேயே 10 டன் கொண்டுவந்திருந்தால் இந்தக் கொத்து வேலையே இருந்திருக்காது.