ஒட்டுமொத்தக் கப்பா மறைப்பது: இருவர் குறியிட்ட நேர்காணல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இரு ஆய்வாளர்களும் தனித்தனியே குறியிட்டனர். உடன்பாட்டுக் கப்பா 0.72." பண்புசார் ஆய்வேடுகளின் முறையியல் பகுதியில் இந்த இரண்டு வரிகளை அடிக்கடி பார்க்கிறேன். நேர்காணல் எடுக்க மாதக்கணக்கில் அலைந்தவர்கள், அதை எப்படிப் படித்தார்கள் என்பதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த 0.72 பொய் என்று சொல்லவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காததுதான் தவறு.

ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசலாம். பாம்பன், மண்டபம், ஏர்வாடிப் பக்கம் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களிடம் எடுத்த நேர்காணல்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியை மூச்சடக்கிப் பிய்த்தெடுக்கிற வேலை அது. குறியிடுகிறவர்கள் இரண்டு பேர்: ஒருவர் அந்தக் கரையிலேயே வளர்ந்த பெண், இன்னொருவர் மதுரையிலிருந்து வந்தவர். பத்து நேர்காணல்களை 200 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் 'கடன்' என்ற குறியீடு உண்டா, 'காயம்' என்ற குறியீடு உண்டா என்று இருவரும் தனித்தனியே பார்க்கிறார்கள். கீழே உள்ள எண்கள் கணக்கை விளக்க நான் வைத்துக்கொண்டவை.

| | கடன் | காயம் |
|---|---|---|
| இருவரும் 'உண்டு' | 70 | 4 |
| முதலாமவர் மட்டும் 'உண்டு' | 12 | 12 |
| இரண்டாமவர் மட்டும் 'உண்டு' | 8 | 8 |
| இருவரும் 'இல்லை' | 110 | 176 |

இரண்டு குறியீட்டிலும் 20 துண்டுகளில்தான் கருத்து வேறுபாடு. அதாவது இரண்டிலுமே 90 சதவீத உடன்பாடு. சதவீதத்தை மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

1960இல் ஜேக்கப் கோஹன் முன்வைத்த கப்பா, இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கிறது: துண்டைப் படிக்காமல், அவரவர் 'உண்டு' போடும் வழக்கமான விகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால்கூட எவ்வளவு ஒத்துப்போயிருக்கும்? அந்தத் தற்செயல் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் அது அளக்கிறது.

```
κ = (Po − Pe) / (1 − Pe)
```

`Po` கண்ணில் தெரிந்த உடன்பாடு, `Pe` தற்செயல் உடன்பாடு. 'கடன்' குறியீட்டை முதலாமவர் 82 துண்டுகளில் (0.41) போட்டிருக்கிறார், இரண்டாமவர் 78 துண்டுகளில் (0.39). தற்செயலாக இருவரும் 'உண்டு' சொல்வது 0.41 × 0.39. இருவரும் 'இல்லை' சொல்வது 0.59 × 0.61. கூட்டினால் `Pe` சுமார் 0.52. கப்பா 0.79.

'காயம்' அப்படியில்லை. ஒருவர் 16 துண்டுகளில், மற்றவர் 12 துண்டுகளில்தான் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் இருவருமே 'இல்லை' என்று சொல்வதால் `Pe` 0.87 வரை ஏறிவிடுகிறது. அதே 90 சதவீதம்தான், ஆனால் கப்பா 0.23.

இப்போது இரண்டு பட்டியலையும் ஒன்றாகக் கொட்டி, 400 தீர்மானங்களுக்கு ஒரே கப்பா போடுங்கள். 0.72 வரும். ஆய்வேட்டில் நாம் பார்த்த அந்த எண். அடிக்கடி வருகிற 'கடன்', எப்போதாவது வருகிற 'காயத்தை' முழுக்க மூடிவிட்டது. படிப்பவர் 0.72-ஐப் பார்த்துவிட்டு, காயம் பற்றிய உங்கள் முடிவுகளையும் அதே நம்பிக்கையோடு எடுத்துக்கொள்வார். அதனால்தான் ஒவ்வொரு குறியீட்டுக்கும் தனிக் கப்பா கொடுங்கள் என்று விடாமல் கேட்கிறேன். ஒட்டுமொத்த எண்ணைத் தர விரும்பினால் தரலாம், ஆனால் அதை மட்டும் தரக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு சமாதானம் வரும்: "காயம் அரிதான குறியீடு, அரிதானதற்குக் கப்பா குறையத்தான் செய்யும், 90 சதவீதத்தைப் பாருங்கள்." இதில் பாதிதான் உண்மை. அரிதான குறியீட்டில் ஒவ்வொரு கருத்து வேறுபாடும் கப்பாவை அதிகமாக இழுத்துவிடும் என்பது சரி. ஆனால் அரிது என்பதாலேயே அது விழுந்துவிடாது. இருவரும் ஒத்துக்கொண்டது 4, ஆளுக்கு ஒரு துண்டில் மட்டும் வேறுபாடு, மிச்சம் 194 துண்டுகளில் இருவரும் 'இல்லை' என்றிருந்தால் கப்பா 0.79. இது நம் 'காயத்தை' விடவும் அரிதுதான்! நம் எடுத்துக்காட்டில் யாராவது ஒருவராவது காயம் என்று பார்த்த துண்டுகள் 24. அதில் இருவரும் சேர்ந்து பார்த்தது 4 மட்டும். அப்படியானால் 'காயம்' என்றால் என்ன என்பதிலேயே இருவரும் ஒத்துப்போகவில்லை. 176 'இல்லை'களை வைத்து இதை மறைக்க முடியாது.

சந்தேகம் இருந்தால் 'உண்டு' பக்கத்து உடன்பாட்டைத் தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள். இருவரும் ஒத்துக்கொண்டதை இரட்டிப்பாக்கி, இருவரும் போட்ட மொத்த 'உண்டு'களால் வகுக்க வேண்டும். கடனுக்கு 140/160, அதாவது 0.88. காயத்துக்கு 8/28, அதாவது 0.29. கப்பாவின் பக்கத்தில் இந்த எண்ணையும், நான்கு கட்ட எண்ணிக்கையையும் கொடுத்துவிட்டால் படிப்பவர் தானே சரிபார்த்துக்கொள்வார்.

சரி, 0.23 வந்துவிட்டது. அடுத்து என்ன? அந்த 20 துண்டுகளை எடுத்துப் படிக்க வேண்டும். "பாறை கையை அறுத்துப் போட்டுச்சு" என்பதில் இருவருக்கும் சிக்கல் இல்லை. "தண்ணிக்குள்ள கெடந்து கெடந்து ஒடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி வலி" என்ற இடத்தில்தான் பிரிகிறார்கள். கரையில் வளர்ந்தவருக்கு அது காயத்தோடு சேர்ந்தது, மதுரைக்காரருக்கு அது வேலைச் சிரமம். யாரும் தவறாகப் படிக்கவில்லை. குறியீட்டு ஏட்டில் 'காயம்: தொழிலில் ஏற்படும் உடல் பாதிப்பு' என்று எழுதியிருந்தால் இரண்டு வாசிப்புக்கும் அதில் இடமிருக்கிறது. தோல் கிழிந்தது, குத்தியது, வீங்கியது சேரும், வலியும் சோர்வும் சேராது என்று வரையறையைத் திருத்தலாம். அல்லது வலிக்கென்று தனிக் குறியீடு வைக்கலாம். குறைந்த கப்பாவின் பெரிய பயனே, எந்தத் துண்டில் இருவரும் பிரிகிறார்கள் என்று காட்டிக்கொடுப்பதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கேதான் மிக மோசமான தவறு நடக்கிறது. இருவரும் உட்கார்ந்து பேசி, அந்த 20 துண்டுகளையும் திருத்தி, அதே கோப்பில் மறுபடி கப்பா போட்டு 1.00 என்று எழுதிவிடுகிறார்கள். பேசி ஒத்துக்கொண்ட பிறகு அளந்தால் ஒத்துக்கொண்டீர்கள் என்பதுதான் தெரியும். வரையறை வேலை செய்கிறதா என்பது தெரியாது. முறை இதுதான்: தனித்தனியே குறியிட்டு முடித்ததும் இருவரின் கோப்பையும் தேதியோடு பூட்டிவைத்துக் கப்பாவைக் கணக்கிடுங்கள். அப்புறம் பேசுங்கள், வரையறையைத் திருத்துங்கள். பிறகு இருவருமே குறியிடாத புதிய நேர்காணல்களை எடுத்து மறுபடி தனித்தனியே குறியிடுங்கள். இரண்டு சுற்றின் கப்பாவையும் எழுதுங்கள். முதல் சுற்று 0.23 என்று எழுத யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

துண்டு வெட்டுவதிலும் கப்பா மாறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மேலே உள்ள 200 துண்டுகளோடு, கேள்வி கேட்பவரின் பேச்சு, நலம் விசாரிப்பு, டீ குடிக்கச் சொன்னது என்று யாருமே எதுவும் போடாத 600 துண்டுகளையும் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? ஒருவர்கூட மனம் மாறவில்லை. ஆனாலும் கடனின் கப்பா 0.79-லிருந்து 0.86 ஆகிறது. சதவீத உடன்பாடு இரண்டிலும் 97.5-க்குத் தாவுகிறது. இருவரும் அவரவர் இஷ்டத்துக்கு வரிகளைத் தேர்ந்தெடுத்துக் குறியிட்டாலும் இதே வகைச் சிக்கல் வரும், எதைத் துண்டு என்று எண்ணுவது என்பதே தெளிவாக இருக்காது. NVivo போன்ற மென்பொருள் தன் வழக்கப்படி எழுத்துகளை எண்ணித்தான் கப்பா தருகிறது. குறியிடாத நீண்ட பகுதிகள் எல்லாம் அதில் உடன்பாடாகச் சேர்ந்துவிடும். அதனால் குறியிடுவதற்கு முன்பே துண்டுகளை வெட்டிவைத்துவிடுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு பதில் ஒரு துண்டு என்பது எளிய வழி. அந்த விதியை அறிக்கையிலும் எழுதுங்கள்.

R-இல் கணக்கிடுகிறவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு.

```r
library(irr)
kappa2(kaayam[, c("m1", "m2")])
```

இது கப்பாவோடு ஒரு p மதிப்பையும் தரும். நம் காயத்தின் 0.23-க்கு அது 0.001-ஐ விடக் குறைவாக வரும், உடனே "புள்ளியியல் ரீதியாக முக்கியமான உடன்பாடு" என்று எழுதிவிடுவார்கள். அந்த p, 'உடன்பாடு தற்செயலை விட ஏதாவது அதிகமா' என்று மட்டுமே கேட்கிறது. ஒரே பேச்சைப் படித்த இரண்டு மனிதர்கள் தற்செயலை விடக் கொஞ்சம் ஒத்துப்போவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆய்வு வேண்டாம். அதற்குப் பதில் நம்பக இடைவெளியைக் கொடுங்கள். எளிய சூத்திரத்தில் 95 சதவீத இடைவெளி கடனுக்குச் சுமார் 0.71 முதல் 0.88 வரை, காயத்துக்குச் சுமார் −0.09 முதல் 0.55 வரை. இவ்வளவு அரிய குறியீட்டில் அந்தச் சூத்திரமே தோராயம்தான். போதாததற்கு ஒரே பெண்ணின் பேச்சிலிருந்து வந்த இருபது துண்டுகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. முடிந்தால் துண்டுகளை அல்ல, முழு நேர்காணல்களை மீள்தேர்வு செய்து பூட்ஸ்டிராப் முறையில் இடைவெளியைக் கணக்கிடுவது நல்லது.

0.61 முதல் 0.80 வரை 'கணிசமான' உடன்பாடு என்ற அட்டவணையை எல்லோரும் ஒட்டுகிறார்கள். 1977இல் அதைக் கொடுத்த லாண்டிஸ், காக் இருவரும், அந்தப் பிரிவுகள் தன்னிச்சையானவை என்று தாங்களே சொல்லியிருக்கிறார்கள். எண்ணைச் சொல்லுங்கள், அடைமொழி தேவையில்லை. இன்னொன்று, ஆய்வாளரின் சொந்த வாசிப்பையே கருவியாகக் கொள்ளும் கருப்பொருள் பகுப்பாய்வு முறையில் வேலை செய்கிறவர்கள், நெறியாளர் கேட்டார் என்பதற்காகக் கப்பாவைச் சேர்க்க வேண்டாம். அங்கே இருவர் ஒரே விடைக்கு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பே கிடையாது.

மற்றவர்களுக்கு, நான் பார்க்க விரும்பும் பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஒரு கேள்விக்கான பதில் ஒரு துண்டு என்று முன்கூட்டியே வெட்டப்பட்ட 200 துண்டுகளை (10 நேர்காணல்கள்) இரு ஆய்வாளர்கள், கலந்து பேசுவதற்கு முன், தனித்தனியே குறியிட்டனர். நேர்காண்பவரின் பேச்சு சேர்க்கப்படவில்லை. கோஹன் கப்பா, கடன்: 0.79, காயம்: 0.23. 'காயம்' குறியீட்டில் உடல்வலியைச் சேர்ப்பதா என்பதில் வேறுபாடு இருந்ததால் வரையறை திருத்தப்பட்டு, புதிய நேர்காணல்களில் இரண்டாம் சுற்று நடத்தப்பட்டது. இரு சுற்றுகளின் நான்கு கட்ட எண்ணிக்கையும் இடைவெளிகளும் பின்னிணைப்பில்." இரண்டாம் சுற்றிலும் காயம் தேறவில்லை என்றால், அந்தக் குறியீட்டை எண்ணிக்கையாக்கி 'இத்தனை பெண்கள் காயம் பற்றிச் சொன்னார்கள்' என்று எழுதாதீர்கள். அவர்கள் சொன்ன வரிகளை அப்படியே மேற்கோளாகக் கொடுத்து, இருவரும் அதை எப்படி வேறு வேறாகப் படித்தீர்கள் என்று எழுதுங்கள்.