பூனை எச்சில் வடிக்கிறதா?
சத்துவாச்சாரியில் பக்கத்து வீட்டுப் பூனை பசியோடு தட்டுக்கு ஓடி வரும். கெட்டித் தீனியை ஒரு கடி கடித்ததும் அலறிக்கொண்டு ஓடிவிடும். தாடையெல்லாம் எச்சில், ஒரே நாற்றம். இது அடம் இல்லை, ஸ்டொமடைட்டிஸ் என்ற நாள்பட்ட வாய் அழற்சி.

பூனை கொட்டாவி விடும்போது கவனியுங்கள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேரும் கடைசி மூலையில் சதை ரத்தச் சிவப்பாகப் புடைத்திருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பூனையின் உயிருக்கே ஆபத்து. உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழியைக் குழைய அரைத்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் கொஞ்ச நாள் சாப்பிடும், அப்புறம் பழையபடிதான். கடைவாய்ப் பற்களை, தேவைப்பட்டால் எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டால் பெரும்பாலான பூனைகளுக்கு நல்ல நிவாரணம் கிடைக்கிறது. பல் இல்லாமலும் நன்றாகவே சாப்பிடும். வேர்த் துண்டு உள்ளே தங்கினால் அழற்சி ஆறாது; அதனால் எடுத்தபின் எக்ஸ்ரே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.