விமானம் இறங்கும் நேரம் கலைஞர் வந்து சேரும் நேரம் அல்ல

பல மேடை இசை விழாவுக்கு அட்டவணை போடுகிறவர்கள் பெரும்பாலும் மாலை நிகழ்ச்சிகளை முதலில் எழுதிவிட்டு, மிச்சமிருக்கும் இடைவெளிகளில் சவுண்ட் செக்கைச் செருகுகிறார்கள். அட்டவணை குலைவது அங்கேதான்.

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைத் திடல் ஒன்றில் இரண்டு மேடைகள் என்று வைத்துக்கொள்வோம். 3 மணிக்கு வாசல் திறக்கும். 4 மணிக்கு இரு மேடையிலும் நிகழ்ச்சி தொடங்கும். பெரிய மேடையில் இரவு 8.30க்குப் பாட வேண்டிய குழு பெங்களூரிலிருந்து பகல் 11 மணிக்கு வந்து இறங்குகிறது. அதை நம்பி 12.30க்கு சவுண்ட் செக் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் வாத்தியப் பெட்டிகள் கைக்கு வர 45 நிமிடம், வேனில் திடலுக்கு வர ஒன்றரை மணி நேரம், சாப்பாட்டுக்கு அரை மணி, மேடையில் எல்லாவற்றையும் அமைக்க 45 நிமிடம். முதல் ஒலி எழும்போது மணி 2.30. விமானம் ஒரு மணி நேரம் தாமதித்தால், ரசிகர்கள் உள்ளே வந்த பிறகுதான் டிரம்ஸ் தட்டிப் பார்க்க முடியும்.

கெடுவது அந்தக் குழுவின் நேரம் மட்டுமன்று. சவுண்ட் செக் தலைகீழ் வரிசையில் நடக்கும்: கடைசியில் பாடுகிறவர் முதலில், முதலில் பாடுகிறவர் கடைசியில். அப்போதுதான் 4 மணிக் குழுவின் வாத்தியங்கள் வைத்த இடத்திலேயே இருக்கும். கடைசிக் குழு தாமதமாக வந்தால் அவற்றைக் கலைத்து மீண்டும் அடுக்க வேண்டியிருக்கும். ஆகவே அவர்களை முந்தைய இரவே வரவழையுங்கள். முடியாவிட்டால் சவுண்ட் செக் கிடையாது, மேடை மாற்றத்தின்போது ஒவ்வொரு மைக்கிலும் ஒலி வருகிறதா என்று மட்டும் பார்க்கும் 20 நிமிட லைன் செக் மட்டும்தான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வையுங்கள்.

அடுத்த தவறு, ஒரு மேடையில் வீணை ஒலிக்கும்போது மறு மேடையில் பேஸ் டிரம்மைச் சோதிப்பது. தாழ்ந்த ஒலி எல்லாத் திசையிலும் பரவும். ஸ்பீக்கரைத் திருப்பி வைத்துத் தடுக்க முடியாது. வேறு வழியே இல்லையென்றால் பிரதான ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டு, ஒவ்வொரு மைக்கையும் ஹெட்போனில் மட்டும் கேட்டுச் சரிபாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அட்டவணையில் குழுவின் பெயர் இருக்கிறது, பக்கவாத்தியக்காரர் பெயர் இல்லை. சிறிய மேடையில் 6 மணிக்கு முடிக்கும் மிருதங்கக் கலைஞரே பெரிய மேடையில் 6.15க்கு வாசிக்க வேண்டியிருக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு 300 மீட்டர் நடக்கவே அந்தக் கால்மணி நேரம் போய்விடும். பாடகர் மாறினால் சுருதியும் மாறும். பெரும்பாலும் வேறு மிருதங்கம் வேண்டும். அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் தனி வரிசை போடுங்கள். இரண்டாவது மிருதங்கத்தைப் பிற்பகலிலேயே அந்த மேடைக்கு அனுப்பி வையுங்கள். நிகழ்ச்சியையும் 6.40க்குத் தள்ளுங்கள், சுருதி சேர்க்க அவகாசம் கிடைக்கும்.

இந்த நிமிடங்களை இரவில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். சிறப்பு அனுமதி இல்லையென்றால் திறந்த வெளியில் 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும்.