எஸ்.ஐ.பி.யில் சராசரி விலையைத் தப்பாகக் கணக்கிடாதீர்கள்

மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 6,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடுகிறீர்கள். நான்கு மாதங்களில் ஒரு யூனிட்டின் விலையான என்.ஏ.வி. 40, 30, 20, 24 ரூபாய் என்று இருந்தது. யூனிட் சராசரியாக என்ன விலைக்குக் கிடைத்தது? பலரும் நான்கு விலைகளையும் கூட்டி நான்கால் வகுத்து 28.50 என்கிறார்கள். இது தவறு.

மாதாமாதம் கிடைத்த யூனிட்டுகளை எண்ணிப் பாருங்கள்: 150, 200, 300, 250. மொத்தம் 900. போட்ட பணம் 24,000. அதை 900-ஆல் வகுத்தால் 26.67 ரூபாய். என்.ஏ.வி. இப்போது 27.50 என்றால், 28.50-ஐ நம்புகிறவர் நஷ்டம் என்று பதறி விற்கக்கூடும். உண்மையில் அவர் கையில் இருப்பது 24,750 ரூபாய். 750 ரூபாய் லாபம்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பணம் மாறுவதில்லை, யூனிட்டுகளின் எண்ணிக்கைதான் மாறுகிறது. 20 ரூபாயில் 300 யூனிட் வந்தது, 40 ரூபாயில் 150-தான். ஆகவே மலிவு விலைக்குக் கணக்கில் கனம் கூடுகிறது. சூத்திரமாக எழுதினால், தவணைத் தொகை மேலும் கீழும் அடிபட்டுப்போகும்:

```
4 ÷ (1/40 + 1/30 + 1/20 + 1/24) = 4 ÷ 0.15 = 26.67
```

இதுவே இசைச் சராசரி. விலைகள் எல்லாம் ஒன்றாக இருந்தாலொழிய, இது கூட்டுச் சராசரியைவிடக் குறைவாகவே இருக்கும். தவணைத் தொகை எல்லா மாதமும் ஒன்றாக இருந்தால்தான் இந்தச் சூத்திரம் செல்லும். நடுவில் தொகையைக் கூட்டியிருந்தால், போட்ட மொத்தப் பணத்தை மொத்த யூனிட்டுகளால் வகுப்பதே சரி.

“சராசரி எப்போதும் குறைவாக அமைவதால் எஸ்.ஐ.பி.யில் நஷ்டம் வராது” என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். நான்காம் மாத விலையான 24-இலேயே விற்றால் கிடைப்பது 21,600, நஷ்டம் 2,400. அதே நான்கு விலைகள் 20, 24, 30, 40 என்று ஏறுமுகமாக வந்திருந்தாலும் சராசரி 26.67-தான், ஆனால் கடைசியில் மதிப்பு 36,000. லாபமா நஷ்டமா என்பதை விற்கும் நாளின் விலை தீர்மானிக்கிறது.

வரிக் கணக்கில் இந்தச் சராசரியைப் போடுவதும் தவறு. இந்தியாவில் முதலில் வாங்கிய யூனிட் முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். மேற்சொன்ன 900-இல் 200 யூனிட்டை 27.50-க்கு விற்றால் 5,500 ரூபாய் வரும். சராசரிப்படி அடக்கவிலை 5,333 என்பதால் சிறு லாபம் போலத் தோன்றும். வரிச் சட்டப்படியோ 40 ரூபாய்க்கு வாங்கிய 150 யூனிட்டும் 30 ரூபாய்க்கு வாங்கிய 50 யூனிட்டுமே போயிருக்கின்றன. அடக்கவிலை 7,500, காட்ட வேண்டியது 2,000 ரூபாய் மூலதன நஷ்டம்.