ஸ்பெக்ட்ரோகிராமில் தொலைந்துபோகும் ஊகாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிஷியஸில் தமிழ் படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டு மொழி கிரியோல். அவர்கள் தமிழ் உயிர்களைச் சொல்லும்போது நாக்கு எங்கே நிற்கிறது என்று அளக்கும் பயிற்சிக் கட்டுரைகளில் ஒரு முடிவு திரும்பத் திரும்பத் தலைகாட்டும்: "இவர்களின் ஊகாரத்தில் நாக்கு முன்னால் வருகிறது." காரணமாகக் கிரியோலைச் சொல்வார்கள், பிரெஞ்சைச் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் மென்பொருளில் மாற்றாமல் விட்ட ஒரே ஒரு எண்தான்.

மின்விசிறியை ஓடவிட்டுப் பதிவது, மைக்கை உதட்டில் ஒட்டிக்கொள்வது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை தாமாகவே தெரிந்துவிடும். தெரியாமல் நுழைபவைதான் தொல்லை.

முதலில் அடிப்படை. ஸ்பெக்ட்ரோகிராம் என்பது ஒலியைப் படமாக்கிக் காட்டுவது. அதில் இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண். உயிரொலி வரும் இடத்தில் கருமையாகத் தெரியும் பட்டைகளே ஃபார்மன்ட்கள். அடியில் உள்ள முதல் பட்டை எஃப்1. நாக்கு மேலே ஏறினால் இது இறங்கும், வாய் திறந்து நாக்கு தாழ்ந்தால் இது ஏறும். அடுத்த பட்டை எஃப்2. நாக்கு முன்னால் போனால் இது ஏறும், பின்னால் போனால் இறங்கும். வளர்ந்த ஆண் குரலில் ஈகாரத்துக்கு ஏறத்தாழ 300, 2200 ஹெர்ட்ஸ் இருக்கும். ஆகாரத்துக்கு 700, 1200. ஊகாரத்துக்கு 320, 800. ஆளுக்கு ஆள் இவை மாறும், ஆனால் மூன்றும் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலை மாறாது.

உச்சவரம்பைத் தொடாமல் விடுவது

பேச்சொலியை அளக்கும் பிராட் மென்பொருள் சிவப்புப் புள்ளிகளால் ஃபார்மன்ட்களைக் குறித்துக் காட்டும். புள்ளி இருக்கும் இடத்தில் ஃபார்மன்ட் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் அது ஒரு கணிப்பு. "5500 ஹெர்ட்ஸுக்குள் ஐந்து ஃபார்மன்ட் கண்டுபிடி" என்பதே அதற்கு முன்கூட்டியே கொடுத்திருக்கும் கட்டளை. இந்த 5500 பெண் குரலுக்குப் பொருந்துகிற எண். ஆணின் குரல்வழி, அதாவது குரல்நாணிலிருந்து உதடு வரையுள்ள பாதை, ஏறத்தாழ 17.5 சென்டிமீட்டர் நீளம். அந்த நீளத்துக்கு 500, 1500, 2500, 3500, 4500 என ஆயிரத்துக்கு ஒன்றாக ஒத்ததிர்வுகள் விழும். பட்டைகளாகத் தெரியும் ஃபார்மன்ட்கள் இவைதான். அதாவது ஐந்தும் 5000-க்குள் முடிந்துவிடும்.

எல்லையை 5500-இல் விட்டால், கைவசம் உள்ள ஐந்தையும் இன்னும் அகலமான இடத்தில் பரப்பியாக வேண்டும். அப்போது எங்கே சிக்கனம் பிடிக்கும்? இரண்டு பட்டைகள் நெருங்கி நிற்கும் இடத்தில். ஊகாரத்திலும் ஓகாரத்திலும் எஃப்1, எஃப்2 இரண்டும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். மென்பொருள் அந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி, 500-க்கு அருகே ஒரே புள்ளி வைத்துவிடும். அதற்கு மேலே வரும் மூன்றாம் ஃபார்மன்ட், இரண்டாவது என்ற பெயரில் அட்டவணைக்குள் ஏறிவிடும்.

ஓர் ஆண் "ஊர்" என்ற சொல்லைப் பத்து முறை சொன்ன பதிவை எடுத்துக்கொள்வோம். ஏழு முறை எஃப்2 சரியாக 800-இல் விழுகிறது. மூன்று முறை மென்பொருள் அதைத் தவறவிட்டு 2300 என்று காட்டுகிறது. மாணவர் பத்தையும் கூட்டி வகுக்கிறார். 5600-ம் 6900-ம் சேர்ந்து 12500. சராசரி 1250. வரைபடத்தில் ஊகாரம் வாயின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த 1250-ஐ அந்த ஆள் ஒரு முறைகூட ஒலிக்கவில்லை. எரிச்சல் இங்கேதான். 2300 என்று தனியாக நின்றால் யாரும் சந்தேகப்படுவார்கள். 1250 பார்க்க நல்ல பிள்ளையாக இருப்பதால் ஆய்வு முடிவாகிவிடுகிறது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. சராசரிக்கு முன் பத்து எண்களையும் தனித்தனியே பாருங்கள். இரண்டு கும்பலாகப் பிரிந்தால் அளவு பிழைத்திருக்கிறது. படத்தில் சிவப்புப் புள்ளி கரும்பட்டையின் நடுவில் ஓடுகிறதா என்று பாருங்கள். 200-இலிருந்து 900 வரை ஒரு தடித்த பட்டையும், அதன் நடுவில் ஒரே வரிசைப் புள்ளியும் தெரிந்தால் உள்ளே இரண்டு இருக்கின்றன என்று பொருள். உயிரின் நடுவில் கர்சரை வைத்து `View spectral slice` கொடுத்தால் இரு மேடுகளும் பெரும்பாலும் பிரிந்து தெரியும்.

திருத்த `Formant settings...` பெட்டியில் `Formant ceiling` எண்ணை ஆணுக்கு 5000 ஆக்குங்கள். பழைய பதிப்புகளில் இதே இடம் `Maximum formant` என்றிருக்கும். மிகக் கனத்த குரலுக்கு 4500 வரை இறக்கிப் பார்க்கலாம். ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு மூன்றாவது எண் அதுதான்:

```
To Formant (burg): 0, 5, 5000, 0.025, 50
```

சிறு குழந்தைக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. குரல்வழி குட்டை, ஆகவே ஒத்ததிர்வுகள் விலகி நிற்கும். 5500-க்குள் ஐந்து கிடைக்காமல், இல்லாத ஃபார்மன்டை மென்பொருள் இட்டுக்கட்டும். எல்லையை 8000 வரை உயர்த்த வேண்டிவரும். யாருக்கு எந்த எண் வைத்தாலும் அட்டவணையில் எழுதிவையுங்கள். விரும்பிய விடை வரும்வரை ஒவ்வோர் ஒலிக்கும் எண்ணைத் திருகிக்கொண்டிருப்பது அளவீடு ஆகாது.

எஃப்2-ஐ நாக்கின் தலையில் மட்டும் கட்டுவது

உதடு குவிந்தால் குரல்வழி முன்பக்கம் நீளும், எஃப்2 இறங்கும். நாக்கு அசையவே வேண்டாம். "பூ" என்பதையும் "பாக்கு" என்பதன் கடைசி உகரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குற்றியலுகரத்தில் உதடு குவியாது, எஃப்2 தெளிவாக உயர்ந்து நிற்கும். நாக்கு முன்னே வந்துவிட்டது என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள், அந்த உயர்வில் உதட்டுக்கு உள்ள பங்கை எண்ணால் மட்டும் பிரிக்க முடியாது. உகரத்துக்கு இதழ் குவியும் என்று தொல்காப்பியமே சொல்லி வைத்திருக்கிறது.

நம் ஊரில் இதற்குக் கைக்கெட்டிய எடுத்துக்காட்டும் உண்டு. பிரெஞ்சில் தெருவைக் குறிக்கும் "ரூ" என்ற சொல்லில் நாக்கு ஈகாரத்துக்குப் போல முன்னே நிற்கும், உதடு மட்டும் குவியும். கிரியோலில் அதே சொல் "லாரி" ஆனபோது குவிவு போய்விட்டது. இரண்டையும் ஒரே ஆளைச் சொல்லச்செய்து பதியுங்கள். பிரெஞ்சுச் சொல்லில் எஃப்2 இறங்கியிருக்கும். எண்ணோடு உதட்டையும் ஒரு வீடியோவில் பிடித்து வைத்தால் பிறகு வாதம் வேண்டியதில்லை.

கிடைக்கோடுகளை ஃபார்மன்ட் என்று எண்ணுவது

ஸ்பெக்ட்ரோகிராமின் `Window length` 0.005 நொடியாக இருக்கட்டும். 0.03 ஆக்கினால் சம இடைவெளியில் மெல்லிய கோடுகள் அடுக்காகத் தெரியும். அவை குரலின் இசைக்கூறுகள். சுருதி ஏறினால் அவை சேர்ந்து ஏறும். ஃபார்மன்ட் பட்டை அப்படி ஏறாது.

உச்ச சுருதி

சிறுமியின் சுருதி 350 ஹெர்ட்ஸ் என்றால் ஒலி இருப்பதே 350, 700, 1050 என்ற படிகளில்தான். ஈகாரத்தின் எஃப்1 அருகிலுள்ள படியில் ஒட்டிக்கொள்ளும். தாழ்ந்த சுருதியில் மறுபடி சொல்லச்செய்யுங்கள்.

"தூ" சொல்லின் தொடக்கத்தில் அளப்பது

பல்லொலிக்குப் பின் எஃப்2 மேலிருந்து சரிந்துதான் ஊகாரத்துக்கு வரும். சரிவு நின்ற பிறகு அளங்கள்.

மூக்கொலிக்குப் பக்கத்து உயிர்

"மா", "நான்" வேண்டாம். "பா", "காசு" எடுங்கள்.